தீர்ப்பைச் சுருக்கி எழுதும்போது செய்யக்கூடாத தவறுகள்: ஒரு பாகப்பிரிவினை வழக்கை வைத்து

"தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்துவிட்டது. அப்பா சொத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்குக் கிடைத்துவிட்டது. மனை மட்டும் தம்பியுடையது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. செலவுத்தொகை கிடையாது. அப்பீலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு."

பாகம் கேட்டு வழக்குப் போட்ட ஒரு அக்காவுக்குத் தீர்ப்பைச் சுருக்கி இப்படி எழுதிக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் செலவுத்தொகை பற்றிய வரியைத் தவிர மற்ற எல்லாமே அவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடும். வக்கீல் அலுவலகத்திலோ சட்ட உதவி மையத்திலோ இந்த வேலையைச் செய்பவர்களுக்காக, இந்த ஒரு வழக்கையே எடுத்துப் பார்க்கிறேன். வழக்கு கற்பனை, சட்டம் உண்மை.

அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூன்று பேர்: அக்கா, இரண்டு தம்பிகள். வழக்கில் மூன்று தபசில் சொத்துகள். முதலாவது ஊரில் உள்ள ஓட்டு வீடு. இரண்டாவது 1 ஏக்கர் 20 சென்ட் புஞ்சை. மூன்றாவது, பெரிய தம்பி பெயரில் கிரயமான 3 சென்ட் மனை. அதை அப்பாவின் பணத்தில்தான் வாங்கினார்கள் என்பது அக்காவின் வாதம். மூன்றிலும் மூன்றில் ஒரு பங்கும், நிலத்தில் இதுவரை வந்த வருமானத்தில் தன் பங்கும் கேட்டு மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 10.6.2024 அன்று தீர்ப்பு. முதல் இரண்டு சொத்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கு முதல்நிலைத் தீர்ப்பாணை. மூன்றாவது சொத்தைப் பொறுத்து வழக்கு தள்ளுபடி. வருமானத்தைத் தனி மனுவில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். செலவுத்தொகை இல்லை.

"கிடைத்துவிட்டது" என்று எழுதுவது

பெரிய கெடுதல் இந்த ஒரு வார்த்தையில்தான் வருகிறது. முதல்நிலைத் தீர்ப்பாணை, அதாவது நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் பிரிலிமினரி டிகிரி என்று சொல்வது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டும்தான் தீர்மானிக்கிறது. எந்தப் பக்கத்து 40 சென்ட் அக்காவுடையது என்று அதில் இருக்காது. அதைச் சொல்வது இறுதிநிலைத் தீர்ப்பாணை. அதற்காக மனு போட வேண்டும். நீதிமன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும். அவர் சர்வேயரோடு போய் அளந்து, வரைபடத்தோடு அறிக்கை கொடுப்பார். இரு தரப்பும் ஆட்சேபணை சொல்லலாம். அதன் பிறகு நீதிமன்றம் பிரித்துக் கொடுக்கும். அந்த இறுதித் தீர்ப்பாணை முத்திரைத்தாளில் எழுதப்பட வேண்டும். அதற்குப் பிறகும் தம்பிகள் இடத்தை விடவில்லை என்றால் நிறைவேற்றுதல் மனு போட்டுத்தான் சுவாதீனம் எடுக்க முடியும்.

இதெல்லாம் சுருக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தனிப்பட்டாவுக்கு தாலுகா ஆபீஸ் போவார். அல்லது ஆள் கூட்டிக்கொண்டு போய் வயலில் கல் நடுவார். தம்பி போலீசில் புகார் கொடுப்பார். சிவில் வழக்கில் நியாயம் பெற்றவர் ஸ்டேஷனில் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்.

வீட்டைப் பற்றி இன்னும் கவனமாக எழுத வேண்டும். ஓட்டு வீட்டை மூன்றாகப் பிரித்தால் யாருக்கும் பயன்படாது என்று ஆணையர் அறிக்கை சொல்லலாம். அப்படிப்பட்ட சூழலில் விற்றுப் பணத்தைப் பிரிக்க 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆகவே "வீட்டில் ஒரு பகுதி உங்களுக்கு வரும்" என்று எழுதுவதும் தப்பு. வீட்டின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு அவருக்கு உரிமை உண்டு. அது இடமாக வருமா பணமாக வருமா என்பது இனிமேல்தான் முடிவாகும்.

முதல்நிலைத் தீர்ப்பு சொன்னதோடு கோப்பை மூடிவிடாமல், அடுத்த கட்டத்துக்கு விசாரணை நீதிமன்றமே தானாக வழக்கைப் பட்டியலிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதை நம்பி "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நீதிமன்றமே கூப்பிடும்" என்று எழுதிவிடாதீர்கள். மனு போடச் சொல்வதே பாதுகாப்பு.

நிரூபிக்கவில்லை என்பதை மாற்றிச் சொல்வது

மனையைப் பற்றித் தீர்ப்பில் இருக்கும் வாக்கியம் இதுதான்: "3-ஆவது தபசில் சொத்து தந்தையின் பணத்தில் வாங்கப்பட்டது என்பதை வாதி நிரூபிக்கத் தவறிவிட்டார்." சுருக்கமோ "தம்பியுடையது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது" என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. அக்கா கொண்டுவந்த சாட்சியமும் ஆவணமும் போதவில்லை என்பதுதான் நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டில் அவர் வக்கீல் பேசப்போவதே இந்த இடத்தைப் பற்றித்தான்: எந்தச் சான்றாவணத்தை நீதிமன்றம் பார்க்காமல் விட்டது, எதைத் தவறாக எடை போட்டது என்று. "தம்பியுடையது" என்று படித்துவிட்டால், இனி ஒன்றும் இல்லை என்று அக்கா ஒதுங்கிவிடுவார்.

ஆறுதலுக்காக எதிர்ப்பக்கம் சாய்வதும் அதே அளவு தவறு. "இப்போது நிரூபிக்கவில்லை, ஆதாரம் கிடைத்ததும் இன்னொரு வழக்குப் போடலாம்" என்று எழுதினால் அது பொய் நம்பிக்கை. அதே தரப்பினருக்குள் அதே பிரச்சினை ஒருமுறை தீர்மானிக்கப்பட்டுவிட்டால் மறுபடி புது வழக்காகக் கொண்டுவர முடியாது. இருக்கும் முக்கிய வழி மேல்முறையீடுதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு சறுக்கல், தீர்ப்பின் முன்பகுதியிலிருந்து எடுத்து எழுதுவது. தீர்ப்புரையின் முதல் சில பக்கங்கள் வழக்குரையின் சுருக்கமும் எதிர்வழக்குரையின் சுருக்கமும்தான். "வாதிக்குத் திருமணத்தின்போது 15 பவுன் போட்டு அவருடைய பங்கு தீர்க்கப்பட்டுவிட்டது" என்று அங்கே இருந்தால், அது தம்பிகளின் வாதம். நீதிபதி அதை ஏற்றாரா என்பது பின்னால், எழுவினாக்களுக்கு, அதாவது வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகளுக்கு, விடை சொல்லும் இடத்தில் வரும். இந்த வழக்கில் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எதுவும் எழுதப்படவில்லை என்று சொல்லி அவர் அதை நிராகரித்திருக்கிறார். ஆகவே சுருக்கம் எழுத உட்காரும்போது கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். "முடிவாக" என்று ஆரம்பிக்கும் பத்தியை முதலில் படித்து, சொத்து வாரியாகப் பிரித்து எழுதிவிட்டு, அப்புறம் காரணங்களைத் தேடிப் பின்னோக்கிப் போங்கள். நடுவில் "இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது" என்று நீதிபதி எழுதியிருந்தால் அதை உத்தரவு மாதிரி எழுதக்கூடாது, அது கருத்து.

"30 நாள்" என்று மொட்டையாக எழுதுவது

எந்த நாளிலிருந்து 30 நாள்? படிப்பவர் தன் கைக்குத் தாள் வந்த நாளிலிருந்து என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மையில் தீர்ப்பு நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். ஜூன் 10 தீர்ப்புக்கு ஜூலை 10 கடைசி நாள். சான்றிட்ட நகல் பெற ஆகும் காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு கழித்துக்கொள்ள விடுகிறது. ஜூன் 14-இல் நகல் மனு போட்டு, கேட்ட கட்டணத்தையும் உடனே கட்டி, 26-இல் நகல் தயாரானால் அந்த 13 நாள் கழியும். கடைசி நாள் ஜூலை 23. ஆனால் தயாரான நகலை வாங்காமல் போட்டுவைத்த நாட்கள் கழியாது. டிகிரி தயாராகட்டும் என்று காத்திருந்து பிறகு நகல் மனு போட்டால், அந்தக் காத்திருப்பும் கழியாது. இந்த வழக்கின் அப்பீல் உயர் நீதிமன்றத்துக்குப் போகாததால்தான் 30 நாள். உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள்.

சுருக்கத்தில் இந்தக் கணக்கை முழுக்க எழுத வேண்டியதில்லை. இரண்டில் முந்தின தேதியான ஜூலை 10-ஐ எழுதி, நகல் மனுவை உடனே போடச் சொன்னால் போதும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் அதை அவகாசம் போலச் சுருக்கத்தில் எழுதினால் பலர் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

இங்கே பெரும்பாலான சுருக்கங்களில் விட்டுப்போகும் ஒன்று உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 97-ஆவது பிரிவின்படி, முதல்நிலைத் தீர்ப்பாணைக்கு அப்பீல் போடாமல் விட்டவர், பிறகு இறுதிநிலைத் தீர்ப்பாணையை எதிர்த்து அப்பீல் போடும்போது முதல்நிலைத் தீர்ப்பாணை தவறு என்று வாதிட முடியாது. "எல்லாம் முடியட்டும், கடைசியில் சேர்த்து மனையையும் கேட்டுக்கொள்ளலாம்" என்று அக்கா நினைத்தால் மனை போச்சு.

திருத்தி எழுதினால்

"உங்கள் பாகப்பிரிவினை வழக்கில் 10.6.2024 அன்று தீர்ப்பு வந்தது. வீட்டிலும் 1 ஏக்கர் 20 சென்ட் புஞ்சையிலும் உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனால் உங்கள் பங்கு எது என்று இன்னும் பிரிக்கப்படவில்லை. பிரிக்கும் வரை வேலி போடவோ, உங்களுக்கென்று ஒரு பகுதியைத் தனியாக விற்கவோ வேண்டாம். பிரித்துத் தர இறுதிநிலைத் தீர்ப்பாணை கேட்டு மனு போட வேண்டும்.

3 சென்ட் மனை அப்பாவின் பணத்தில் வாங்கியது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, அந்தப் பகுதியை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இதை ஏற்காவிட்டால் இப்போதே அப்பீல் போட வேண்டும். பிறகு கேட்க முடியாது. 10.7.2024 கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சான்றிட்ட நகலுக்கு இன்றே மனு போடுங்கள். நகலுக்கு ஆகும் நாட்களால் தேதி சற்றுத் தள்ளலாம், வக்கீலிடம் கேளுங்கள்.

நில வருமானத்தில் எவ்வளவு என்பது முடிவாகவில்லை. அதற்குத் தனி மனு. வழக்குச் செலவை யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை. தம்பிகளும் அப்பீல் போடலாம். போட்டாலும், மேல் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுக்காத வரை பிரிக்கும் வேலை நிற்காது. வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. எண் 15100."

முதல் சுருக்கத்தைவிட நீளம்தான், ஆனாலும் ஒரே பக்கத்தில் அடங்கும். அப்பீலில் ஜெயிப்பாரா என்பதை இதில் சேர்க்கவில்லை. அது வக்கீல் கோப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. தம்பிகளுக்கு எழுதுவதாக இருந்தால் முடிவுப் பத்தி மாறக்கூடாது, அடுத்து செய்ய வேண்டியது மட்டும் மாறும்: அவர்களுக்கு முதல் இரண்டு சொத்துகள் பற்றிய அப்பீல் தேதிதான் முக்கியம்.

தாளைக் கொடுத்த பிறகு, "நாளைக்கு நீங்கள் வயலுக்குப் போனால் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது?" என்று அவரிடமே கேளுங்கள். "என் பக்கத்தை அளந்து எடுத்துக்கலாம்ல?" என்று பதில் வந்தால், முதல் பத்தியைத் திரும்ப எழுத வேண்டும்.