பி-மதிப்பு 0.077: முடிவுப் பத்தியைச் சரிபார்ப்பது எப்படி?

போன மாதம் அக்கா மகள் தன் கல்லூரி புராஜெக்ட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். வேளச்சேரியில் அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிற கடைக்காரர் சொல்கிறபடி ஒரு கேனில் 20 லிட்டர் இருக்கிறதா என்பதுதான் ஆய்வு. வாரத்துக்கு நான்கு கேன் வீதம் நான்கு வாரம், மொத்தம் 16 கேன்களை எடைபோட்டிருந்தாள். கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வில்லங்கம் எல்லாம் கடைசிப் பத்தியில்தான் இருந்தது:

"பி-மதிப்பு 0.077. அதாவது இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 7.7 சதவீத வாய்ப்பு உள்ளது. இது 0.05-ஐ விட அதிகம் என்பதால் இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது. எனவே சென்னையில் விற்கப்படும் தண்ணீர் கேன்களில் சராசரியாக 20 லிட்டர் இருப்பது நிரூபணமாகிறது."

நான்கு வாக்கியங்களில் முதல் வாக்கியம் மட்டும்தான் சரி. மற்ற மூன்றையும் எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குச் சொன்னதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: கேள்வி என்ன என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

முடிவைப் படிப்பதற்கு முன் ஒரு துண்டுத்தாளில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

```
H0: μ = 20
H1: μ < 20
n = 16, சராசரி = 19.85, திட்டவிலக்கம் = 0.40
t = (19.85 - 20) / (0.40 / √16) = -1.5
```

H0 என்பதுதான் இன்மைக் கருதுகோள்: சராசரி 20 லிட்டர், குறை எதுவும் இல்லை. H1 மாற்றுக் கருதுகோள்: சராசரி 20-க்குக் கீழே. தண்ணீர் குறைகிறதா என்பது மட்டுமே அவளுடைய கேள்வி. கூடுதலாக ஊற்றினால் யார் சண்டைக்குப் போகப் போகிறார்கள்? அதனால் ஒரு பக்கச் சோதனை. இந்தத் திசையை எடைபோடத் தொடங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அவள் நோட்டில் முதல் பக்கத்திலேயே அது இருந்தது.

பி-மதிப்பு அந்தத் திசைக்கு உரியதுதானா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். கூகுள் ஷீட்ஸிலோ எக்செல்லிலோ இதைத் தட்டினால் போதும்:

```
=T.DIST(-1.5, 15, TRUE)
```

0.077 வருகிறது. இருபக்கச் சோதனையாக இருந்தால் இதன் இருமடங்கு, 0.154. பல மென்பொருள்கள் நாம் தனியாகச் சொல்லாவிட்டால் இருபக்க மதிப்பைத்தான் கொடுக்கும். "குறைவு" என்று கேட்டுவிட்டு 0.154-ஐ எழுதிவைப்பது அடிக்கடி பார்க்கிற பிழை. இங்கே அது நடக்கவில்லை, சரி.

இடையில் ஒன்று. எடையை லிட்டராக மாற்றும்போது ஒரு கிலோ ஒரு லிட்டர் என்று விட்டுவிடாமல், 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 0.996 கிலோதான் என்று கணக்கில் சேர்த்திருந்தாள். அதை விட்டிருந்தால் முழு 20 லிட்டர் உள்ள கேனும் 90 மில்லிக்குக் கிட்டக் குறைவாகத் தெரிந்திருக்கும். அளவிலேயே கோளாறு இருந்தால் அதை பி-மதிப்பு காட்டிக்கொடுக்காது.

படி 2: பி-மதிப்பை விளக்கும் வாக்கியத்தில் "என்றால்" எங்கே?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது நல்ல வசதி. பி-மதிப்பை விளக்கும் வாக்கியத்தில் "என்றால்" என்ற சொல்லையோ அந்தப் பொருளில் வரும் வேறு சொல்லையோ தேடுங்கள். அது இல்லையென்றால் வாக்கியம் பெரும்பாலும் தவறு. இருந்தால், அதற்கு முன்னால் கருதுகோளும் பின்னால் தரவும் இருக்க வேண்டும்.

இந்த ஆய்வுக்குச் சரியான வாக்கியம் இது: "கேன்களின் உண்மையான சராசரி 20 லிட்டர்தான் என்றால், 16 கேன்களை எடுத்துப் பார்க்கும்போது நமக்குக் கிடைத்த அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ குறைவு தெரிய 7.7 சதவீத வாய்ப்பு உண்டு." ஒரு குறையும் இல்லாத கேன்களையே நூறு மாணவர்கள் ஆளுக்குப் பதினாறாக எடைபோட்டாலும், அவர்களில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு வெறும் தற்செயலால் இப்படிப்பட்ட முடிவு வரும். அவ்வளவுதான் பி-மதிப்பு சொல்கிற செய்தி.

அவள் எழுதியது இதன் தலைகீழ்: தரவைப் பார்த்துவிட்டுக் கருதுகோளுக்கு வாய்ப்புச் சொல்கிறாள். ஐப்பசி என்றால் சென்னையில் மழைக்கு வாய்ப்பு அதிகம். அதற்காக மழை பெய்தாலே ஐப்பசிதான் என்று சொல்லிவிட முடியுமா? ஆடி மாதச் சாயங்காலத்திலும்தான் இடி இடித்துக் கொட்டுகிறது. கருதுகோள் உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்ல வேறு தகவலும் வேறு முறையும் வேண்டும், இந்த 0.077-க்குள் அது இல்லை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் பி-மதிப்பு பற்றி வெளியிட்ட அறிக்கையிலும் இதைத் தனியாக எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் முகத்தில் இன்னும் சந்தேகம். "சரி, உன் இரண்டாவது வாக்கியத்தையும் மூன்றாவதையும் சேர்த்துப் படி" என்றேன். படித்தாள். "அது உண்மையா இருக்க 7.7 சதவீதம்தான் வாய்ப்பு, ஆனா அதை ஏத்துக்கிறேன்னு எழுதியிருக்கேனா மாமா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள். இந்தத் தவறான விளக்கத்தோடு எழுதப்பட்ட எந்த முடிவையும் இப்படி அடுத்த வாக்கியத்தோடு சேர்த்துப் படித்தால் முரண்பாடு தானாக வெளியே வரும்.

படி 3: "ஏற்கப்படுகிறது" என்ற சொல்லை நிறுத்தி விசாரியுங்கள்

0.077 என்பது முன்கூட்டியே வைத்துக்கொண்ட 0.05 எல்லையைவிடப் பெரியது. எனவே இன்மைக் கருதுகோளை நிராகரிக்க முடியாது. இதுவரை சரி. ஆனால் நிராகரிக்க முடியாததெல்லாம் ஏற்கத்தக்கது ஆகிவிடாது. காணாமல்போன சாவியை மேசை இழுப்பறையில் மட்டும் தேடிவிட்டு "வீட்டிலேயே இல்லை" என்று சொல்வதற்கு ஒப்பானது அது. எவ்வளவு தேடினோம் என்பதைப் பொறுத்துத்தான் "கிடைக்கவில்லை" என்பதற்கு மதிப்பு.

இங்கே எவ்வளவு தேடியிருக்கிறோம்? அதைப் பார்க்க 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைப் போட்டுப் பாருங்கள்.

```
19.85 ± 2.131 × 0.10  →  19.64 முதல் 20.06 வரை
```

20 இந்த இடைவெளிக்குள் இருக்கிறது. அதே இடைவெளிக்குள் 19.7-உம் இருக்கிறது. அதாவது கேனுக்கு 300 மில்லி குறைந்தாலும் இந்தத் தரவுக்கு அது ஒத்துப்போகிற விஷயம்தான். அப்படியிருக்க, 20-ஐ மட்டும் தேர்ந்தெடுத்து "ஏற்கிறேன்" என்பதற்கு என்ன நியாயம்?

இன்னொரு வழியாகவும் பார்க்கலாம். கடைக்காரர் உண்மையிலேயே சராசரியாக 200 மில்லி குறைத்துத்தான் ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேனுக்குக் கேன் 0.40 லிட்டர் திட்டவிலக்கம் இருக்கும்போது, 16 கேன் சோதனை அந்தக் குறையைப் பிடிக்க சுமார் 60 சதவீத வாய்ப்புதான். மீதி 40 சதவீதத்தில் அவர் தப்பித்துவிடுவார். இவ்வளவு பெரிய ஓட்டை உள்ள வலையில் மீன் சிக்கவில்லை என்பதை வைத்துக் குளத்தில் மீனே இல்லை என்று எழுதக்கூடாது.

பல பாடநூல்களில் "H0 ஏற்கப்படுகிறது" என்றே அச்சிட்டிருக்கிறது, தெரியும். தேர்வில் உங்கள் ஆசிரியர் அதையே எதிர்பார்த்தால் எழுதிவிட்டு வாருங்கள். மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்க நான் சொல்லமாட்டேன். ஆனால் அறிக்கையிலோ கட்டுரையிலோ "நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை" என்பதுதான் நேர்மையான வாசகம்.

படி 4: யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

நான்காவது வாக்கியத்தில் இரண்டு கோளாறுகள். "நிரூபணம்" என்ற சொல்லை அடித்துவிடுங்கள், பி-மதிப்பு 0.001 வந்திருந்தாலும் அந்தச் சொல்லுக்கு இங்கே இடமில்லை. அடுத்தது "சென்னையில் விற்கப்படும் கேன்கள்". எடைபோட்டது ஒரே கடையிலிருந்து ஒரே வீட்டுக்கு வந்த கேன்கள். தாம்பரத்துக் கேனைப் பற்றியோ தண்டையார்பேட்டைக் கேனைப் பற்றியோ இந்தப் பதினாறுக்கு என்ன தெரியும்? அந்த நான்கு வாரங்களில் அந்தக் கடை தந்த கேன்கள் என்று சொல்லலாம், அதற்கு மேல் போகக்கூடாது.

படி 5: திருத்தி எழுதுங்கள்

அவள் கடைசியில் எழுதியது இது:

"வேளச்சேரியில் உள்ள ஒரு கடையிலிருந்து நான்கு வாரங்களில் வந்த 16 கேன்களின் சராசரி 19.85 லிட்டர். உண்மையான சராசரி 20 லிட்டர் என்றால், இந்த அளவுக்கோ இதைவிட அதிகமாகவோ குறைவு தெரிய 7.7 சதவீத வாய்ப்பு உண்டு (t = -1.5, p = 0.077, ஒரு பக்கச் சோதனை). 0.05 எல்லையில், இந்தக் கடையின் கேன்களில் சராசரியாக 20 லிட்டருக்குக் குறைவாக இருக்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. சராசரிக்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 19.64 முதல் 20.06 லிட்டர் வரை. ஆகவே குறை இல்லை என்றும் இதைக்கொண்டு சொல்ல முடியாது."

பத்தி முழுக்க கேன், கடை, லிட்டர் என்று பேசுகிறது, கவனித்தீர்களா? "H0 நிராகரிக்கப்படவில்லை" என்று மட்டும் நிறுத்தினால், அதைப் படிக்கிற அவள் அம்மாவுக்குக் கேனில் தண்ணீர் குறைகிறதா இல்லையா என்பதே தெரியாது.

பி-மதிப்பு 0.03 என்று வந்திருந்தால்? "போதிய ஆதாரம் இல்லை" என்ற இடத்தில் "ஆதாரம் இருக்கிறது" என்று மாறும், குறை எத்தனை மில்லி என்பதையும் இடைவெளியோடு சொல்ல வேண்டும். மற்றபடி வாக்கிய அமைப்பு இதேதான். 0.077-ஐப் பார்த்துவிட்டு "எல்லையை நெருங்கிய முடிவு", "நூலிழையில் தவறியது" என்றெல்லாம் எழுதுகிறவர்கள் உண்டு. 0.043 வந்தால் அவர்களே "நூலிழையில் தப்பியது" என்று எழுதுவார்களா?

எல்லாம் முடித்து நோட்டை மூடும்போது கேட்டாள்: "மாமா, இன்னும் ஒரு பத்துக் கேன் எடைபோட்டு இதோட சேர்த்துப் பார்க்கட்டுமா? 0.05-க்குக் கீழே வந்துடும்போல இருக்கே." அதுமட்டும் கூடாது என்றேன். முடிவைப் பார்த்தபிறகு, எல்லைக்குக் கீழே வரும்வரை தரவு சேர்த்துக்கொண்டே போனால், குறையே இல்லாத கடைக்காரர் மீது பழி விழும் வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். வேண்டுமானால் புதிதாகத் தொடங்கலாம், எண்ணிக்கையை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு. 200 மில்லி குறையை 90 சதவீத வாய்ப்போடு பிடிக்க ஏறக்குறைய 36 கேன் வேண்டும். வாரத்துக்கு நான்கு என்றால் ஒன்பது வாரம். அவள் காலண்டரைப் புரட்டத் தொடங்கினாள்.