வீட்டை விற்கும் முன் வங்கியிலிருந்து மூலப் பத்திரத்தை மீட்பது எப்படி: செக்லிஸ்ட்டும் கடித மாதிரியும்

வீட்டுக் கடன் பாக்கி இருக்கும் வீட்டை விற்கப் போகிறீர்கள். வாங்குபவர் தரும் முன்பணத்திலோ சொந்தப் பணத்திலோ கடனை அடைத்துவிட்டு, பத்திரத்தை வாங்கிக் கிரயம் செய்து கொடுப்பதாகப் பேச்சு. தமிழ்நாட்டில் இதை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்தப் பதிவு. கடன் கணக்கு எண்ணை எங்கே பார்ப்பது, இமெயில் எப்படி அனுப்புவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

1. முதலில் வில்லங்கம் பாருங்கள்

எல்லோரும் வங்கிக்கு ஓடுவார்கள். நான் tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று பார்ப்பதில் தொடங்கச் சொல்வேன். இணையத்தில் பார்க்கக் கட்டணம் இல்லை. கடன் வாங்கியபோது பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கு எம்ஓடி என்ற ஆவணம் பதிவாகியிருக்கும். அதன் ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை எம்ஓடி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நடுவில் டாப்-அப் கடன் வாங்கியிருந்தால் இரண்டாவது எம்ஓடி இருக்கலாம். வேறு வங்கியிலிருந்து கடனை மாற்றி வந்திருந்தால் பழைய வங்கியின் எம்ஓடி ரத்தாகாமல் அப்படியே கிடக்கவும் வாய்ப்புண்டு. அந்தப் பழைய வங்கியிடம் இப்போதே பேசத் தொடங்கிவிடுங்கள். கிரயத்துக்கு முந்தின வாரம் வாங்குபவரின் வக்கீல் சுட்டிக்காட்டினால் தாமதம் உங்கள் தலையில் விழும்.

2. ஃபோர்குளோஷர் லெட்டரும் பணமும்

கடனை மொத்தமாக முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று வங்கி எழுத்தில் தரும் கடிதம் இது. அதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: எந்தத் தேதி வரை அந்தத் தொகை செல்லும், தேதி தாண்டினால் ஒரு நாளுக்கு எவ்வளவு வட்டி. தனிநபர் பெயரில் மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடன் என்றால், முன்கூட்டியே முடிப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த வரியில் தொகை ஏதாவது இருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அசல் பாக்கி 18,40,000 ரூபாய், வட்டி 8.75 சதவீதம். ஒரு ஆண்டுக்கு 1,61,000, ஒரு நாளுக்குச் சுமார் 441 ரூபாய். கடிதம் மார்ச் 10 வரை செல்லும். நீங்கள் 10ஆம் தேதி காசோலை கொடுக்கிறீர்கள், அது 13ஆம் தேதி வரவாகிறது. மூன்று நாள் வட்டி 1,323 ரூபாய் பாக்கி நிற்கிறது. அந்தச் சில்லறைக்காகக் கணக்கு மூடாமல் நிற்கும், யாரும் போன் செய்து சொல்லவும் மாட்டார்கள். பத்திரம் தருவதற்கான கெடு முழுத் தொகையும் அடைந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

அதனால் ஆர்டிஜிஎஸ் தவிர வேறு வழியில் கட்டாதீர்கள். கட்டிய அன்றே அந்தப் பணப் பரிமாற்றத்துக்கான அடையாள எண்ணான யூடிஆரைக் குறித்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்துப் பாக்கி பூஜ்யம் என்று காட்டும் ஸ்டேட்மென்ட் வாங்கிவிடுங்கள்.

3. கடிதம் கொடுங்கள்

'கட்டியாச்சு, அவர்களே கூப்பிடுவார்கள்' என்று இருக்க வேண்டாம். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவேடுகளில் உள்ள அடமானப் பொறுப்பையும் நீக்க வேண்டும். வங்கியின் பக்கத் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தும். மேலே சொன்ன கணக்கில் பாக்கி இல்லாமல் மார்ச் 10 அன்றே அடைந்திருந்தால் கெடு ஏப்ரல் 9. பத்திரம் ஏப்ரல் 24 அன்று வந்தால் 15 நாள் தாமதம், 75,000 ரூபாய். நீங்கள் போய் வாங்காமல் இருந்த நாட்கள் இதில் சேராது.

கடித மாதிரி இதோ:

அனுப்புநர்: (கடன்தாரர், இணைக் கடன்தாரர் பெயர்கள், முகவரி, கைபேசி எண்)
பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி, கிளை)
நாள்:

பொருள்: வீட்டுக் கடன் கணக்கு எண் ______ முழுவதும் அடைக்கப்பட்டது; மூல ஆவணங்களைத் திருப்பித் தரவும் எம்ஓடி ரத்து செய்யவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

மேற்படி கடனுக்காக ______ தேதியிட்ட தங்கள் ஃபோர்குளோஷர் கடிதத்தில் கண்ட ரூ. ______ முழுவதையும் ______ அன்று ஆர்டிஜிஎஸ் மூலம் (யூடிஆர் எண் ______) செலுத்திவிட்டோம். கணக்கில் பாக்கி ஏதுமில்லை எனக் காட்டும் ஸ்டேட்மென்ட் இணைக்கப்பட்டுள்ளது.

கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்:

1. பாக்கி இல்லை என்ற சான்று.
2. கடன் பெற்றபோது ஒப்படைத்த மூல ஆவணங்கள் அனைத்தும், இணைப்பில் உள்ள பட்டியலின்படி.
3. ______ சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவண எண் ______ / ஆண்டு ______ ஆகப் பதிவான எம்ஓடியை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தில் கையெழுத்திட அதிகாரம் பெற்ற அலுவலரை அனுப்புதல்.
4. அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடான செர்சாயில் உள்ள பொறுப்பை நீக்கி, அதற்கான அத்தாட்சி.
5. மாதத் தவணைக்கான வங்கிக் கணக்கு உத்தரவை ரத்து செய்தல், பயன்படுத்தாத காசோலைகளைத் திருப்பித் தருதல்.

ரிசர்வ் வங்கியின் 13.09.2023 சுற்றறிக்கைப்படி 30 நாள் கெடு ______ அன்று முடிகிறது. ஆவணங்களை இதே கிளையில் பெற்றுக்கொள்ள விரும்புகிறோம். பெற்றுக்கொள்ளும் தேதியை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
(கடன்தாரர்கள் அனைவரின் கையெழுத்து)

இரண்டு படி எடுத்துப் போய், ஒன்றில் கிளை முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து மூன்றும் வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதே கடிதத்தை இமெயிலிலும் அனுப்புங்கள். தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் ஒரு படியும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. வீட்டை விற்கப் போவதாகக் கடிதத்தில் எழுத வேண்டிய அவசியமில்லை. கடன் அடைந்த பிறகு அது வங்கிக்குத் தேவையில்லாத விவரம்.

4. பத்திரம் வாங்கும் நாள்

பத்திரங்கள் பெரும்பாலும் கிளையில் இருக்காது, மையக் கிடங்கிலிருந்து வர வேண்டும். வந்ததும் உறையைக் கொடுத்து 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளை நீட்டுவார்கள். கையெழுத்தை நிறுத்தி வையுங்கள். அலுவலர் முன்னாலேயே உறையைத் திறந்து, கடன் வாங்கியபோது வங்கி தந்த ஆவணப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பட்டியல் தொலைந்திருந்தால் முன்கூட்டியே ஒரு நகல் கேட்டு வாங்குங்கள்.

பார்க்க வேண்டியவை:

- உங்கள் கிரயப் பத்திரம்: ஆவண எண், பக்க எண்ணிக்கை, ஒவ்வொரு பக்கத்திலும் பதிவு முத்திரை. நகலா மூலமா என்பதை நிதானமாகப் பாருங்கள்.
- தாய்ப் பத்திரங்கள்: மூலமாகக் கொடுத்தவை மூலமாகவே வர வேண்டும்.
- அடுக்குமாடி என்றால் கட்டுமான ஒப்பந்தம்.
- அனுமதி பெற்ற கட்டட வரைபடம்.
- பதிவு செய்த எம்ஓடி ஆவணம். இதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.
- பாக்கி இல்லை என்ற சான்றில் உங்கள் பெயர், கணக்கு எண், டாப்-அப் கணக்கு எண் எல்லாம் சரியாக இருக்கிறதா.

ஏதாவது குறைந்தால், பெற்றுக்கொண்ட தாளிலேயே எது வரவில்லை என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

5. எம்ஓடி ரத்து: நான் மாட்டிக்கொண்ட இடம்

பத்திரம் கையில், சான்று கையில், வேலை முடிந்தது என்று கிளையில் சொன்னார்கள். வில்லங்கம் பார்த்தால் எம்ஓடி அப்படியே இருந்தது. கேட்டதற்கு 'கடன் முடிந்தால் தானாகவே போய்விடும்' என்றார்கள். தானாகப் போகாது. வங்கி கொடுக்கும் சான்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தெரியவே தெரியாது. வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்து, எம்ஓடி பதிவான அதே அலுவலகத்தில் அதைப் பதிவு செய்தால்தான் வில்லங்கத்தில் கடன் தீர்ந்த பதிவு ஏறும்.

இதற்கு வங்கியிடம் சொந்த வரைவு இருக்கும், முதலில் அதைக் கேளுங்கள். ஆவண எழுத்தரிடம் கொடுத்துத் தட்டச்சு செய்த பிறகு எம்ஓடியின் எண், ஆண்டு, தேதி, சொத்து விவரம் எல்லாம் மூல எம்ஓடியோடு ஒத்துப்போகிறதா என்று வரிக்கு வரி பாருங்கள். ஆண்டில் ஒரு இலக்கம் தவறினாலும் ரசீது வேறு ஆவணத்தைக் குறிப்பதாகிவிடும். இரண்டு எம்ஓடி இருந்தால் இரண்டுக்கும் ரத்து வேண்டும். அலுவலருக்கு வசதியான நாளை எழுத்தில் உறுதி செய்த பிறகே பதிவுக்கான டோக்கன் போடுங்கள், மாற்றிச் சொன்னால் வருபவர்கள் எல்லோரையும் மறுபடி கூட்ட வேண்டியிருக்கும்.

பதிவு முடிந்ததும் புதிதாக வில்லங்கச் சான்று எடுத்து, ரசீது ஆவணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். செர்சாய் நீக்கத்துக்கான அத்தாட்சியையும் வங்கியிடம் விடாமல் கேளுங்கள். வாங்குபவர் கடன் எடுத்து வாங்கினால் அவருடைய வங்கி அங்கேயும் தேடிப் பார்க்கும்.

வாங்குபவரோடு ஒப்பந்தம் எழுதும்போது 30 நாளில் கிரயம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்திரத்துக்கே 30 நாள் போகலாம், அதன் மேல் ரசீது பதிவும் இருக்கிறது. 90 நாள் கேளுங்கள். முன்பணத்திலிருந்து கடனை அடைக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

சேர்க்கை: கேட்டவர்களுக்காக

இணைக் கடன்தாரர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். பல வங்கிகள் எல்லோரும் நேரில் வந்தால்தான் ஆவணம் தருவார்கள். அதற்கான அதிகாரப் பத்திரத்தின் வாசகத்தை முதலில் வங்கியிடம் காட்டி, ஏற்கிறோம் என்று இமெயிலில் பதில் வாங்கிய பிறகு வெளிநாட்டில் கையெழுத்துக்கு அனுப்புங்கள். வீட்டை விற்கும் அதிகாரத்தையும் அதில் சேர்க்கலாமா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டால் ஒரே முயற்சியில் முடியும்.

30 நாளும் தாண்டிவிட்டது, பதில் இல்லை என்று இன்னொருவர். வங்கியின் குறைதீர் பிரிவில் எழுத்துப் புகார் கொடுங்கள். புகார் கொடுத்த 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம். முத்திரை போட்ட கடிதப் படி அங்கேதான் உதவும்.

கடைசியாக, பத்திரத்தையே தொலைத்துவிட்டோம் என்று வங்கி சொன்னால்: சான்றிட்ட நகல் வாங்க வங்கியே உதவ வேண்டும், செலவும் அவர்களுடையது. அதற்கு அவர்களுக்குக் கூடுதலாக 30 நாள் உண்டு, நாளுக்கு 5,000 ரூபாய் மொத்தம் 60 நாளுக்குப் பிறகே ஓடும். ஆனால் வாங்குபவரின் வக்கீல் நகலைப் பார்த்ததும் 'மூலத்தை வேறு எங்கோ அடமானம் வைத்திருப்பாரோ' என்றுதான் சந்தேகப்படுவார். அதனால் ஆவணம் தங்கள் காவலில் இருந்தபோது தொலைந்தது என்று வங்கியின் லெட்டர்ஹெட்டில், ஆவண எண்ணோடு, அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் வைத்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். காவல் துறைப் புகாரும் வங்கியின் பெயரிலேயே பதிவாகட்டும்.