ஒரு தாளில் பல ஸ்லைடு அச்சிடும்போது நடக்கும் தவறுகள்

கருநீலப் பின்னணி, வெள்ளை எழுத்து, முக்கியச் சொற்கள் சிவப்பில். திரையில் பளிச்சென்று தெரிந்த இந்த ஸ்லைடுகளைத் தாளுக்கு ஆறாக அச்சிட்டால் கையில் கிடைப்பது ஈரமாக நெளியும் கருப்புக் கட்டங்கள். இதற்குப் பிரிண்டர் காரணமில்லை. வெள்ளை எழுத்து என்பது தாளில் மை படாத இடம். சுற்றியுள்ள மை கொஞ்சம் கசிந்தாலும் அந்த இடைவெளி அடைபடும். எழுத்து சிறியதாக ஆக, அடைபடுவதும் கூடும். ஆகவே பின்னணி, எழுத்தின் அளவு இரண்டையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும்.

பிரிண்டரின் கருப்பு-வெள்ளையை நம்புவது

பிரிண்டர் அமைப்பில் உள்ள கருப்பு-வெள்ளைத் தேர்வு நிறத்தை மட்டுமே எடுக்கும். கருநீலம் அடர்சாம்பலாகி அப்படியே அச்சாகும், மையும் அதே அளவு போகும். செய்ய வேண்டியது பவர்பாயிண்டின் உள்ளே இருக்கிறது. File > Print திரையில் Color என்று இருப்பதை Grayscale ஆக்குங்கள். இங்கே பவர்பாயிண்டே தீமின் பின்னணியை வெள்ளையாக்கி, வெள்ளை எழுத்தைக் கருப்பாக்கிவிடும். பெயர் ஒன்றுதான், வேலை வேறு.

இதிலும் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வோம். பின்னணி என்று நாம் நினைப்பது, ஸ்லைடு முழுக்க ஒட்டிய படமாகவோ பெரிய செவ்வகமாகவோ இருந்தால் அது போகாது. இன்னொன்று, இருண்ட புகைப்படத்தின் மேல் எழுதிய வெள்ளை எழுத்து. எழுத்து கருப்பாகிவிடும், படம் இருட்டாகவே இருக்கும், ஒன்றும் தெரியாது. View > Grayscale திறந்து, அந்தச் செவ்வகத்துக்கு Don't Show, படத்தின் மேலுள்ள எழுத்துக்கு White என்று கொடுத்தால் போதும். வண்ண ஸ்லைடில் எதுவும் மாறாது.

எத்தனை ஸ்லைடு என்று முதலில் முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது எழுத்து என்ன அளவில் வரும் என்பதைத்தான். இப்போது வழக்கமான 16:9 ஸ்லைடின் அகலம் 33.87 செ.மீ. தாளில் ஸ்லைடு வரும் அகலத்தை 33.87 ஆல் வகுத்து, எழுத்தின் பாயிண்டால் பெருக்குங்கள். ஏ4 தாளில் இரண்டு பத்தியாக அடுக்கினால் ஒரு ஸ்லைடுக்குச் சுமார் 9.2 செ.மீ. கிடைக்கும். 18 பாயிண்ட் எழுத்து 4.9 ஆகச் சுருங்கும். 28 பாயிண்ட் 7.6 ஆகும். ஆங்கில எழுத்தை 6 பாயிண்டில் சிரமப்பட்டுப் படித்துவிடலாம். தமிழ் அப்படியல்ல: 6 பாயிண்டில் புள்ளி எழுத்தோடு ஒட்டும், ன, ண இரண்டின் சுழிகளும் அடைத்துக்கொண்டு ஒன்றுபோலத் தெரியும். தமிழுக்கு 8 பாயிண்டுக்குக் கீழே போகாமலிருப்பது நல்லது.

ஹேண்ட்அவுட் பட்டியலில் 3 Slides என்பதைத் தேர்ந்தால் பெரிதாக வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். வராது. பக்கத்தில் குறிப்பெழுதக் கோடுகள் வரும், ஸ்லைடு 6 Slides-இல் இருக்கும் அதே அளவுதான். பவர்பாயிண்ட் ஓரங்களையும் தாராளமாக விடுவதால், நாமே அடுக்கினால் கிடைக்கும் 9.2 செ.மீ.கூட அதில் கிடைக்காது.

16:9 ஸ்லைடு உயரம் குறைந்தது என்பதை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். 9.2 செ.மீ. அகல ஸ்லைடின் உயரம் 5.2 செ.மீ. மட்டுமே. மூன்று வரிசை வைத்தால் தாளின் அடியில் நிறைய இடம் சும்மா கிடக்கும், நான்கு வரிசை தாராளமாக அடங்கும். அதாவது ஆறுக்குப் பதில் எட்டு வைத்தாலும் எழுத்து துளியும் குறையாது. எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் ஒரே பத்தியில் மூன்று வையுங்கள்: அகலம் 15.8 செ.மீ., 18 பாயிண்ட் 8.4 ஆகக் கிடைக்கும். 48 ஸ்லைடு என்றால் எட்டாக 6 பக்கம், மூன்றாக 16 பக்கம். 28 பாயிண்டில் எழுதியதற்கு முதலாவது ஓரளவு போதும். 18 பாயிண்டில் தமிழ் எழுதியிருந்தால் இரண்டாவதைத் தவிர வழியில்லை. இந்த இரண்டு அடுக்கும் பவர்பாயிண்டின் ஹேண்ட்அவுட் பட்டியலில் இல்லை; ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆக்கி, கீழே வரும் pdfjam வரியால் அடுக்கலாம்.

பவர்பாயிண்டில் ஆறாக அமைத்து, பிரிண்டர் அமைப்பில் மறுபடி தாளுக்கு இரண்டு பக்கம் என்று கொடுப்பது தாள் மிச்சம் பிடிக்கிறேன் என்று செய்யும் வேலை. இரண்டு முறை சுருங்கும், ஓரமும் இரண்டு முறை போகும்.

பிடிஎஃப் மட்டும் இருக்கும்போது அப்படியே தலைகீழாக்குவது

மூலக் கோப்பு இல்லையென்றால் நிறத்தைத் தலைகீழாக்கலாம். லினக்ஸில் poppler, ImageMagick, img2pdf, pdfjam இருந்தால் நான்கு வரி:

```
pdftoppm -r 200 -gray -png in.pdf p
mogrify -negate -level 15%,88%,0.5 p-*.png
img2pdf p-*.png -o inv.pdf
pdfjam --nup 1x3 --paper a4paper --frame true --scale 0.92 --outfile out.pdf inv.pdf
```

எட்டாக வேண்டுமென்றால் 1x3 இருக்குமிடத்தில் 2x4.

இரண்டாவது வரியில் -negate மட்டும் போட்டு நிறுத்துவதுதான் தவறு. சுத்தச் சிவப்பு சாம்பலாகும்போது 30% வெளிச்சம். தலைகீழாக்கினால் 70%, வெளிறிய சாம்பல். முக்கியமென்று சிவப்பில் போட்ட சொல்தான் முதலில் மறையும்! கருநீலப் பின்னணியும் முழு வெள்ளையாகாமல் 89% அளவில் நிற்கும், அதை லேசர் பிரிண்டர் தாள் முழுக்கப் பொடிப்புள்ளிகளாகத் தூவும். -level-இன் 88% அந்தப் பின்னணியைச் சுத்த வெள்ளையாக்குகிறது. கடைசி 0.5 இடைச்சாம்பலை இருட்டாக்குகிறது, சிவப்புச் சொல் படிக்கும் அளவுக்கு வரும். 88-ஐ 75 என்று குறைத்தால் பின்னணி இன்னும் சுத்தமாகும் என்று தோன்றும், ஆனால் சிவப்பும் கூடவே போய்விடும்.

புகைப்படமுள்ள பக்கங்கள் நெகட்டிவாகத்தான் வரும். வெள்ளைப் பின்னணி ஸ்லைடு நடுவே இருந்தால் அது கருப்பாகும். அந்தப் பக்கங்களின் png கோப்புகளை மட்டும் இரண்டாம் வரிக்கு முன் வேறு கோப்புறைக்கு நகர்த்தி, மூன்றாம் வரிக்கு முன் திரும்ப வையுங்கள்.

டோனர் சேமிப்பை அணைக்க மறப்பது

பின்னணி போன பிறகு மைச்செலவு ஏற்கெனவே பெரிதும் குறைந்துவிட்டது. டோனர் சேமிப்பு இன்னும் இயங்கினால் கருப்பு எழுத்து சாம்பலாகும். சாம்பலைப் பிரிண்டர் புள்ளிகளாகத்தான் போடும், அதனால் சிறிய எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். வாய்விட்டுச் சரிபார்க்க ஒரு வழி: எழுத்து மிகச் சிறியதும் சிவப்புச் சொல் உள்ளதுமான ஸ்லைடு வரும் பக்கத்தை மட்டும் முதலில் அச்சிட்டு, ஒரு கை நீளத்தில் பிடித்து உரக்கப் படியுங்கள். ஒரு சொல்லில் தடுக்கினாலும் மூன்றாக அடுக்குவதற்கு மாறுங்கள். இரண்டு பத்தியில் அச்சிட்டிருந்தால் 1-க்கு வலப்பக்கம் 2 இருக்கிறதா, 5 இருக்கிறதா என்பதையும் அந்தத் தாளிலேயே பார்த்துவிடலாம்.