டிஎன்பிஎஸ்சி தமிழ் பேப்பர் மார்க்: குரூப் 4-ல ஒரு மாதிரி, குரூப் 1-ல வேற மாதிரி

தமிழ்ல பாஸ் ஆனா போதும்னு நெனச்சு குரூப் 4-க்குப் படிக்கிறவங்க இத கொஞ்சம் பாருங்க. அதுல தமிழ்ப் பகுதி 100 கேள்வி, 150 மார்க், குறைஞ்சது 40 சதவீதம் அதாவது 60 மார்க் எடுக்கணும், கேள்விக்கு ஒன்றரை மார்க்னா சரியா 40 கேள்வி. 39 சரின்னா 58.5 தான், அப்போ பொது அறிவும் திறனறிவும் சேர்ந்த இன்னொரு பகுதியில 90 கேள்வி சரியா போட்டிருந்தாலும் அந்தப் பகுதிய திருத்தவே மாட்டாங்க.

ஆனா 60 எடுத்ததோட முடியல, அந்த மார்க் மொத்தம் 300-ல சேர்ந்து ரேங்க்குக்கும் போகுது. ஒருத்தர் தமிழ்ல 60 கேள்வி, இன்னொருத்தர் 85 கேள்வி சரியா போட்டா அங்கயே 37.5 மார்க் வித்தியாசம், அத பொது அறிவுல ஈடுகட்டுறது ரொம்பக் கஷ்டம்ங்க.

குரூப் 1 மெயின்ஸ் அப்படியில்ல. தமிழ்த் தாள் 100-க்கு 40 எடுத்தா போதும், ரேங்க்ல சேராது, 40-ம் 85-ம் ஒண்ணுதான். ஆனா அது விரிவா எழுதுற தேர்வு, மொழிபெயர்ப்பு, சுருக்கி எழுதுறது எல்லாம் வரும், அதனால வாரத்துல ஒரு நாளாவது பேனா புடிச்சு எழுதிப் பாருங்க.