சேரியும் சேர்தலும்: மூலமொழியை மீட்டெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் ‘சேரி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் பலரும் அதற்குச் ‘சேர்ந்து வாழும் இடம்’ என்று விளக்கம் சொல்லிவிடுவார்கள். ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது என்பதால் இந்த விளக்கத்தை யாரும் ஐயுறுவதில்லை. ஆனால் கன்னடத்தை அருகில் வைத்துப் பார்த்தால் இது நிற்காது. தமிழின் ‘சேர்’ கன்னடத்தில் ‘ஸேரு’ என்று வழங்குகிறது. தமிழின் ‘சேரி’க்கு இணையாகக் கன்னடத்தில் இருப்பதோ, தெருவைக் குறிக்கும் ‘கேரி’. தமிழில் ஒரே எழுத்தில் தொடங்கும் இவ்விரு சொற்களும் கன்னடத்தில் வெவ்வேறு ஒலிகளில் தொடங்குவது ஏன் என்ற கேள்வியிலிருந்து, உறவு மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு அவற்றுக்குப் பொதுவான மூலமொழியை மீட்டெடுக்கும் ஒப்பீட்டு முறையின் வேலை தொடங்குகிறது. அந்த முறையைக் கையாளும்போது நேரும் பெரும்பாலான தவறுகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே காட்டிவிடலாம்.

முதல் தவறு, ஒலி ஒற்றுமையையே சான்றாகக் கொள்வது. ஒப்பீட்டு முறைக்கு வேண்டியது ஒற்றுமை அன்று, ஒழுங்கு. ஒரு மொழியின் ஓர் ஒலிக்கு நேராக மற்றொரு மொழியில் ஒரு குறிப்பிட்ட ஒலி, சொல்லுக்குச் சொல் திரும்பத் திரும்ப வர வேண்டும். இதை ஒலி நேரிணை என்று சொல்லலாம். தமிழில் செவி, சிறு, செம், செய் என்று தொடங்கும் சொற்களுக்குக் கன்னடத்தில், குறிப்பாகப் பழங்கன்னடத்தில், முறையே கிவி, கிறு, கெம், கெய் என்ற வடிவங்களைக் காண்கிறோம். சேரி, கேரி என்ற இணையும் இந்த வரிசையில்தான் சேர்கிறது. சகரமும் ககரமும் காதுக்கு ஒத்து ஒலிப்பவை அல்ல; இருந்தும், இத்தனை சொற்களில் ஒரே முறையில் எதிரெதிரே நிற்பதால் அவை வலுவான சான்றாகின்றன. மறுபுறம், முற்றிலும் ஒத்து ஒலிக்கும் ஒரு சோடி உறவற்றதாக இருக்கலாம். லத்தீனில் கடவுளைக் குறிக்கும் ‘தேவுஸ்’, கிரேக்கத்தில் கடவுளைக் குறிக்கும் ‘தெயோஸ்’ ஆகிய இரண்டும் பொருளாலும் ஒலியாலும் நெருங்கி நின்றாலும், அம்மொழிகளின் ஒலி நேரிணைகளுக்கு உட்படாததால் ஒரே மூலத்தைச் சேர்ந்தவையாகக் கொள்ளப்படுவதில்லை.

இரண்டாவது தவறு, மூல ஒலியைப் பெரும்பான்மையை எண்ணித் தீர்மானிப்பது. தமிழ், மலையாளம், தெலுங்கு ஆகிய மூன்றிலும் காதைக் குறிக்கும் சொல் ‘செவி’. எனவே சகரமே பழையது, கன்னடம்தான் அதைக் ககரமாக மாற்றிக்கொண்டது என்று ஒருவர் வாதிடக்கூடும். அதற்கு மாறாக, பிற திராவிட மொழிகளை எடுத்து, துளுவில் கெபி, குடகு மொழியில் கெவி, கோத்தர் மொழியிலும் கோலாமியிலும் கெவ், கோண்டியில் கெவி என்று எண்ணிக் காட்டி, ககரத்துக்கே பெரும்பான்மை என்று இன்னொருவர் சொல்லலாம். ககரமே மூல ஒலி என்ற முடிவு சரி, ஆனால் அதற்குக் காரணம் இந்த எண்ணிக்கை அன்று.

உண்மையான காரணத்தைச் சேர், சேரி என்ற இரண்டு சொற்களே தருகின்றன. மூலத்தில் இரண்டும் சகரத்தில் தொடங்கியவை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கன்னடம் ஒன்றை ஸகரமாகவும் மற்றொன்றைக் ககரமாகவும் பிரித்திருக்க வேண்டும். எந்த அடிப்படையில் பிரித்தது? இரண்டிலும் அடுத்து வருவது ஏகாரம், அதற்கடுத்து வருவது ரகரம். எது எப்படி மாற வேண்டும் என்று தீர்மானிக்கக்கூடிய சூழல் வேறுபாடு எதுவும் அங்கே இல்லை. ஒலிமாற்றம் சொல்லின் பொருளைப் பார்த்து நடப்பதில்லை. அது ஒலிச் சூழலைப் பார்த்தே நடக்கிறது. எனவே காரணமில்லாத அந்தப் பிரிவினையை ஏற்க முடியாது. தலைகீழாகப் பார்த்தால் சிக்கல் இல்லை. மூலத்தில் சகரமும் ககரமும் தனித்தனியே இருந்தன. கன்னடம் அந்த வேறுபாட்டைக் காத்தது. தமிழில் இ, ஈ, எ, ஏ என்ற முன்னுயிர்களுக்கு முன் ககரம் சகரமாக மாறி, ஏற்கெனவே இருந்த சகரத்தோடு கலந்துவிட்டது. ஒரு மொழியில் கலந்துபோனவை அந்த மொழிக்குள்ளிருந்தே மீண்டும் சரியாகப் பிரிவதில்லை என்பதால், பிரித்துக் காட்டும் மொழியே மூல வேறுபாட்டுக்குச் சாட்சி. ஒரே ஒரு மொழி மட்டும் வேறுபாட்டைக் காத்திருந்தாலும், அந்த வேறுபாட்டுக்கு ஒலிச் சூழலை வைத்து விதி சொல்ல முடியாதபோது அந்த ஒரு மொழியின் சாட்சியமே வெல்லும்.

மூன்றாவது தவறுதான் ஆழமானது: விதிக்கு அடங்காத சொற்களைக் கண்டதும் ‘எல்லா விதிக்கும் விலக்கு உண்டு’ என்று கடந்துவிடுவது. தமிழில் முன்னுயிருக்கு முன் ககரம் சகரமானது என்றால், கேள், கெடு, கிளி, கிழங்கு, கீழ் ஆகியவை ஏன் ககரத்தோடு நிற்கின்றன? இவற்றை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி உயிருக்கு அடுத்த மெய்யைப் பாருங்கள்: ள், ட், ள், ழ், ழ். எல்லாமே நாக்கின் நுனியை மேல்நோக்கி வளைத்து ஒலிக்கும் வளைநா ஒலிகள். மாறிய சொற்களில் அந்த இடத்தில் வருபவை வ், ற், ம், ய், ர். விலக்கு என்று தோன்றியது உண்மையில் விதியின் இன்னொரு பாதி: அடுத்த மெய் வளைநா ஒலியாக இருந்தால் தமிழில் ககரம் மாறவில்லை. மொழியியலாளர் தாமஸ் பர்ரோ 1943-இல் திராவிட மொழிகளின் சொல்முதல் ககரத்தை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இந்த மாற்றம் குறித்த ஆய்வில் முக்கியமானது.

இந்தோ-ஐரோப்பிய ஆய்விலும் இதே வகையான நிகழ்ச்சி உண்டு. ஜெர்மானிய மொழிகளின் மெய்மாற்றத்தை யாக்கோப் கிரிம் 1822-இல் வகுத்துக் காட்டியபோது, தந்தை, உடன்பிறந்தான் என்பவற்றைக் குறிக்கும் சொற்களின் நடு மெய்கள் வெவ்வேறாக மாறியிருந்தது விளங்காமல் நின்றது. கார்ல் வெர்னர் 1877-இல் வெளியிட்ட கட்டுரையில், மூலமொழியில் சொல்லழுத்தம் எங்கே விழுந்தது என்பதே அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று, வேத சமஸ்கிருதத்தின் அழுத்தத்தை வைத்துக் காட்டினார். அந்த அழுத்தம் ஜெர்மானிய மொழிகளில் அதற்குள் இடம் மாறிப் போயிருந்தது. காரணம் மறைந்து விளைவு மட்டும் எஞ்சியிருந்தது. விலக்குகளைப் பட்டியலிடாமல் ஒதுக்கியிருந்தால் இது கிடைத்திருக்காது.

விலக்குகளைச் சோதிக்கும்போது கடன்சொற்களையும் கவனிக்க வேண்டும். மாணிக்கத்தைக் குறிக்கும் ‘கெம்பு’ என்ற சொல் தமிழில் வழங்குகிறது. வளைநா ஒலி இல்லாமலே ககரம் நிற்கிறது. ஆனால் தமிழுக்கே உரிய வடிவம் செம், செம்மை என்று ஏற்கெனவே இருக்கிறது. ‘கெம்பு’ அந்த மாற்றம் முடிந்த பிறகு வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. எனவே அது விதியை உடைக்கவில்லை. இருப்பினும் இந்த வழியைத் தாராளமாகப் பயன்படுத்தக் கூடாது. கீரை, கீரி, கீறு போன்ற சொற்களும் தமிழில் மாறாமல் நிற்கின்றன. கடன் என்று சொல்வதற்குத் தனிச் சான்று இல்லாதபோது, அவற்றைத் தீராத எச்சமாகவே குறித்து வைப்பதுதான் நேர்மை.

நான்காவது, பழைய வடிவத்தைத் தேடாமல் இன்றைய வடிவத்தை மட்டும் பார்ப்பது. தெலுங்கிலும் முன்னுயிருக்கு முன் ககரம் சகரமானது. ஆனால் தமிழில் உள்ள வளைநாக் கட்டுப்பாடு அங்கே இல்லை. அதனால் தமிழின் கெடு தெலுங்கில் ‘செடு’, தமிழின் கிளிக்கு இணை ‘சிலுக’. அப்படியானால் கீழ் என்பதற்கு இணையான ‘கிந்த’ மட்டும் ஏன் மாறவில்லை? பழைய தெலுங்கு வடிவம் ‘க்ரிந்த’. வேர்ச்சொல்லின் இறுதியிலிருந்த ழகரம் ரகரமாகி முன்னே நகர்ந்து ககரத்தோடு ஒட்டிக்கொண்டது. ககரத்துக்கு அடுத்து முன்னுயிர் இல்லாமல் போனதால் மாற்றம் அதைத் தொடவில்லை. பிற்காலத்தில் அந்த ரகரமும் உதிர்ந்துவிட்டது. இந்த ஒரு சொல்லிலிருந்து, தெலுங்கில் ஒலி இடம் மாறியது முந்தியது, ககரம் சகரமானது பிந்தியது என்ற கால வரிசையும் கிடைக்கிறது.

இங்கேதான் ஐந்தாவது தவறுக்கும் விடை இருக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் ‘செவி’ என்றே இருப்பதால் இரண்டும் கன்னடத்தைவிட நெருங்கிய உறவினர் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் தமிழ் மாற்றத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, தெலுங்கு மாற்றத்துக்கு இல்லை. எனவே அவை ஒரே நிகழ்ச்சி அல்ல. மேலும், தெலுங்கோடு ஒரே கிளையில் வைக்கப்படும் கோண்டியில் ககரம் அப்படியே ‘கெவி’ என்று நிற்பதால், தெலுங்கின் மாற்றம் அது கோண்டியிலிருந்து பிரிந்த பிறகுதான் நடந்திருக்க முடியும். முன்னுயிருக்கு முன் ககரம் இப்படி மாறுவது உலகின் பல மொழிகளில் தனித்தனியே நடந்திருக்கிறது. லத்தீனில் ககரத்தோடு ஒலித்த, நூறைக் குறிக்கும் சொல் இத்தாலியத்தில் சகரத்தோடு ஒலிக்கிறது. எளிதில் நடக்கக்கூடிய மாற்றம் ஒன்று இரு மொழிகளில் காணப்படுவது நெருங்கிய உறவுக்கு மெலிந்த சான்றே. மாறாமல் காத்துக்கொண்ட ஒலி அதைவிட மெலிந்தது: கன்னடமும் கோலாமியும் ககரத்தை விடாமல் வைத்திருப்பதால் அவை ஒரு கிளையாகிவிடுவதில்லை.

கடைசியாக, மீட்டெடுத்த வடிவத்தை யாரோ காதால் கேட்டு எழுதிய சொல்லாக நினைப்பது. ‘*கெவி’ என்று உடுக்குறியிட்டு எழுதினால், அது எந்தக் கல்வெட்டிலும் ஓலையிலும் காணப்படாத, ஒப்பீட்டால் பெறப்பட்ட வடிவம் என்று பொருள். அதன் எல்லா எழுத்துகளுக்கும் ஒரே உறுதி கிடையாது. முதல் ககரம் மேலே கண்ட காரணங்களால் உறுதியானது. அடுத்த எகரமும் பெரிதும் உறுதியானதே: கன்னடத்தில் இகரம் இருந்தாலும், அடுத்த அசையில் இகரம் வரும்போது குற்றெகரம் அம்மொழியில் இகரமாவதைத் தமிழின் எலிக்கு இணையான ‘இலி’யிலும் காண்கிறோம். ஆனால் நடுமெய் அப்படி இல்லை. தமிழில் வகரம், துளுவில் பகரத்தின் ஒலிப்புடைய வடிவம், கன்னடத்திலேயே கிவிக்குப் பக்கத்தில் ‘கெமி’ என மகர வடிவமும் கிடைக்கின்றன. இவற்றுள் வகரத்தைத் தேர்ந்து எழுதும்போது மற்ற வடிவங்களுக்குத் தனித்தனியே விளக்கம் சொல்லும் கடமை நமக்கு வந்து சேர்கிறது; அந்த விளக்கம் முடியும்வரை ‘*கெவி’யின் நடுவெழுத்து முதலெழுத்தைவிடக் குறைந்த உறுதியோடுதான் நிற்கும்.