ரிசெப்டிவ் ஃபீல்டை கையால் கணக்குப் போடுவது எப்படி: பூலிங், 1×1 கன்வல்யூஷன் சேர்த்து

ஸ்கேன் செய்த பக்கங்களில் அட்டவணைக் கோடு எது, எழுத்துகளுக்கு நடுவே வரும் சிறு கோடு எது என்று பிரிக்க ஒரு சின்ன நெட்வொர்க் எழுதினேன். அட்டவணைக் கோடு நீளமானது, சிறு கோடு 13 பிக்சல். இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எத்தனை முறை ட்ரெயின் செய்தாலும் ஒரே மாதிரியான தவறு வந்தது. சிறு கோட்டின் நட்டநடுவில் 3 பிக்சலை மட்டும் "அட்டவணைக் கோடு" என்றது. அட்டவணைக் கோட்டின் முனைகளையோ "சிறு கோடு" என்றது.

தவறு இப்படி இடம் பார்த்து வந்தால் டேட்டாவைக் குறை சொல்லாதீர்கள். நெட்வொர்க்கின் பார்வை எவ்வளவு தூரம் போகிறது என்று முதலில் பாருங்கள். அதுதான் ரிசெப்டிவ் ஃபீல்டு: வெளியீட்டில் உள்ள ஒரு கட்டத்தின் மதிப்பை, உள்ளீட்டுப் படத்தின் எத்தனை பிக்சல் அகலமுள்ள சதுரம் தீர்மானிக்கிறது என்பது.

என்னிடம் இருந்தது ஐந்து 3×3 கன்வல்யூஷன், ஸ்ட்ரைடு 1. ஒவ்வொன்றும் பார்வையை 2 பிக்சல் கூட்டும்; 1 + 5×2 = 11. அகலம் 11 உள்ள ஜன்னலை 13 பிக்சல் கோட்டின் மேல் நகர்த்தினால், 13 − 11 + 1 = 3 இடங்களில் ஜன்னல் முழுக்கக் கோட்டுக்குள்ளேயே இருக்கும். அங்கே நின்று பார்த்தால் இரண்டு முனையும் தெரியாது. அந்த 3 பிக்சல்தான் தப்பாக வந்தவை.

படி 1: எவ்வளவு தேவை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

லேயர்களை அடுக்கிக்கொண்டே போனால் பார்வை பெருகும், ஆனால் மெதுவாக. கோட்டின் முனையில் உள்ள பிக்சலிலிருந்து மறுமுனை முடிவது தெரிய 13 பிக்சல் தள்ளிப் பார்க்க வேண்டும். இருபுறமும் சேர்த்து 27. அதற்கு 3×3 லேயர் 13 வேண்டும். நான் பூலிங் பக்கம் போனேன். 2×2 பூலிங்கை இரண்டு முறை போட்டால் வெளியீட்டின் ஒரு கட்டம் படத்தில் 4×4 பிக்சலைக் குறிக்கும். அந்தக் கட்டத்துக்குள் கோட்டின் கடைசிப் பிக்சல் ஒன்று மட்டும் விழுந்திருந்தாலும் மறுமுனை தெரிய வேண்டும் என்றால் 13 + 4 + 13 = 30. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கணக்கு (நான் சறுக்கிய இடம்)

இரண்டு எண்கள் போதும். `r` என்பது பார்வை அகலம். `j` என்பது இப்போதுள்ள ஃபீச்சர் மேப்பில் ஒரு கட்டம் நகர்ந்தால் படத்தில் எத்தனை பிக்சல் நகர்கிறோம் என்பது. இரண்டும் 1-இல் தொடங்கும். `k` என்பது லேயரின் ஜன்னல் அகலம், `s` என்பது அதன் ஸ்ட்ரைடு.

```python
r, j = 1, 1
layers = [(3,1),(3,1),(2,2),(3,1),(2,2),(3,1),(3,1),(1,1)]
for k, s in layers:
    r = r + (k - 1) * j
    j = j * s
    print(k, s, r, j)
```

`r` வரிசையாக 3, 5, 6, 10, 12, 20, 28, 28 என்று வரும்.

நான் அந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றி எழுதியிருந்தேன். `j`-ஐ முதலில் பெருக்கிவிட்டால் பூலிங் லேயர் தன் புதிய ஸ்ட்ரைடாலேயே பார்வையைக் கூட்டுவதாகக் கணக்கு ஆகும்: 3, 5, 7, 11, 15, 23, 31. தேவை 30, இருப்பது 31, போதும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் இருந்தது 28.

பூலிங் ஜன்னல் பார்ப்பது தனக்கு முந்தைய மேப்பின் கட்டங்களை. அந்தக் கட்டங்களுக்கு இடையே உள்ள தூரம் பழைய `j`. பூலிங்கின் ஸ்ட்ரைடு அதற்குப் பின்னால் வரும் லேயர்களைத்தான் பாதிக்கும். அதனால் `r` முதலில், `j` பிறகு.

28-இல் கட்டத்துக்கு இருபுறமும் 12 பிக்சல்தான் தெரியும், தேவை 13. ஆகவே கட்டத்துக்குள் ஒரே ஒரு பிக்சல் நீட்டியிருக்கும் முனைகள் மட்டும் தவறின, ஏறக்குறைய நாலில் ஒன்று. கோடு கட்டத்தில் எப்படி உட்காருகிறது என்பதைப் பொறுத்து மாறியதால் பார்ப்பதற்குத் தற்செயல் போலவே இருந்தது. கண்டுபிடிக்க நாட்கள் ஆயின. கடைசியில் இன்னொரு 3×3 சேர்த்தேன்: 28 + 2×4 = 36. சரியானது. ஜன்னலின் ஓரப் பிக்சல்களின் தாக்கம் நடுவில் இருப்பவற்றைவிட மிகக் குறைவு என்பதால், தேவைக்கு மேல் கொஞ்சம் இருப்பதே நல்லது.

படி 3: எந்த பூலிங்?

மெல்லிய கோடுகளுக்கு என் தேர்வு மேக்ஸ் பூலிங். ஒரு சேனலின் 4×4 மேப் இது:

```
1 0 2 1
3 5 0 1
0 2 4 4
1 1 6 2
```

2×2 மேக்ஸ் எடுத்தால் மேல் வரிசை 5, 2. கீழ் வரிசை 2, 6. சராசரி எடுத்தால் 2.25, 1, 1, 4. ஒரு பிக்சல் கனமுள்ள கிடைக்கோடு 2×2 கட்டத்தில் பாதியைத்தான் நிரப்பும். சராசரி அதன் பலத்தைப் பாதியாக்கும், இரண்டாம் முறை கால்பங்காக்கும். மேக்ஸ் அப்படியே வைத்திருக்கும். ஆனால் கோடு கட்டத்தில் மேல் வரிசையிலா கீழ் வரிசையிலா என்ற தகவல் போய்விடும். கோட்டின் துல்லியமான இடம் வேண்டுமானால் இந்த வழி ஒத்துவராது.

படி 4: 1×1 கன்வல்யூஷன்

படி 2 நிரலில் கடைசியாக உள்ள `(1,1)` பார்வையைத் துளிகூடக் கூட்டவில்லை, `k - 1` பூஜ்யம் ஆயிற்றே. இது பக்கத்துக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரே இடத்தில் உள்ள சேனல்களைக் கலக்கும், அவ்வளவுதான்.

மேலே கிடைத்த மேப்பை A என்போம். அது "இங்கே கோடு இருக்கிறது" என்று சொல்லும் சேனல் என்று வைத்துக்கொள்வோம். B "இரண்டு முனையும் தெரிகிறது" என்று சொல்லும் சேனல். 1×1-இன் எடைகள் 2, −1.

```
A:  5 2    B:  1 4    2A - B:  9 0
    2 6        0 3             4 9
```

இடது மேல் கட்டம்: 2×5 − 1 = 9. கோடு பலமாக இருக்கிறது, முனைகள் தெரியவில்லை, ஆக அட்டவணைக் கோடு. வலது மேல்: 2×2 − 4 = 0, ஆக இல்லை. முடிவைச் சொல்ல 1×1 போதும், ஆனால் முனைகளை முந்தைய லேயர்கள் பார்த்திருந்தால்தான். 16 சேனலை ஒரே சேனலாக்க 16 எடை, ஒரு பயாஸ். மொத்தம் 17 எண்கள். 3×3 என்றால் 145 ஆகும்.

படி 5: சோதித்துப் பாருங்கள்

கணக்கை நம்பி விட்டுவிடாதீர்கள். நடுக் கட்டத்திலிருந்து கிரேடியன்ட் எடுத்து எத்தனை பத்திகளுக்குப் போய்ச் சேர்கிறது என்று எண்ணுங்கள். என் 31 உண்மையில் 28 என்று காட்டிக்கொடுத்தது இதுதான்.

```python
net.eval()
x = torch.randn(1, 1, 64, 64, requires_grad=True)
net(x)[0, 0, 8, 8].backward()
print((x.grad[0, 0].abs().sum(0) > 0).sum())
```

பின்சேர்க்கை: இதை ஓட்டியபோது 64 வருகிறது என்று ஒருவர் பின்னூட்டம் இட்டிருந்தார். முதலில் நான் கொடுத்த நிரலில் `net.eval()` இல்லை, தவறு என்னுடையது. பேட்ச்நார்ம் ட்ரெயினிங் நிலையில் மேப் முழுவதற்கும் சராசரி எடுப்பதால் எல்லாப் பிக்சலுக்கும் கிரேடியன்ட் போய்விடும். இன்னொருவருக்குக் கணக்கைவிட இரண்டு குறைவாக வந்தது. மேக்ஸ் பூலிங் ஜெயித்த பிக்சலுக்கு மட்டும் கிரேடியன்ட்டை அனுப்பும், ரெலு சிலவற்றை அடைத்தும்விடும். ஐம்பது ரேண்டம் படங்களுக்கு ஓட்டி `abs()` மதிப்புகளைக் கூட்டிவிட்டு எண்ணச் சொன்னேன். அவருக்குக் கணக்கில் வந்த எண்ணே கிடைத்தது.