ஸ்லிப் லேனில் திரும்பும்போது: முதலில் ஆள், அப்புறம் வண்டி

சிட்னியில் புதிதாகக் கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிக்னலுக்குச் சற்று முன்பே இடப்பக்கம் பிரிந்து, ஒரு முக்கோணத் திட்டை ஒட்டி வளைந்து அடுத்த சாலையில் சேருகிற பாதைதான் ஸ்லிப் லேன். பார்க்க நம் ஊர் ஃப்ரீ லெஃப்ட் மாதிரியே இருக்கும். பிரதான சிக்னல் சிவப்பாக இருந்தாலும், ஸ்லிப் லேனுக்கென்று தனி விளக்கு இல்லையென்றால் நிற்காமல் திரும்பலாம். ஆனால் அந்தப் பாதையைக் கடக்கிறவருக்கு நாம்தான் வழிவிட வேண்டும். அங்கே வரிக்கோடு போடாமல் இருந்தாலும் விதி இதுதான். திட்டே இல்லாத முனையில் சிவப்பு என்றால் நிற்க வேண்டும். நின்றுவிட்டுத் திரும்பலாம் என்று பலகை வைத்த இடங்கள் மட்டும் விலக்கு.

60 கி.மீ. வேகச் சாலையில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: இண்டிகேட்டரை முன்கூட்டியே போடுங்கள். இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேலும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். சைக்கிள் வரலாம்.

இரண்டாம் படி: வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தை 20-க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுங்கள். வளைவுக்குள் போய் பிரேக்கைத் தேடக் கூடாது.

மூன்றாம் படியில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். என் தங்கை கணவருக்குச் சொல்லிக்கொடுத்தபோது, வலப்பக்கம் வரும் வண்டிகளில் இடைவெளி தேடி அவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கார் மட்டும் மெல்ல உருண்டது. இடப்பக்க நடைபாதையிலிருந்து ஒரு அம்மா குழந்தைத் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைச் சாலையில் இறக்கிவிட்டார். "நில்லுங்க மச்சான்!" என்று நான் கத்தியபோது இடைவெளி இரண்டு அடிகூட இல்லை.

அதனால் ஆளைப் பார்ப்பது, வண்டிகளில் இடைவெளி தேடுவது என்ற இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். முதலில் ஆட்களை மட்டும் பாருங்கள்: இடப்பக்க நடைபாதை, வலப்பக்கத் திட்டு, மறுபடி நடைபாதை. முன்கண்ணாடியை ஒட்டிய தூண் ஒரு ஆளையே மறைத்துவிடும், கொஞ்சம் முன்னால் சாய்ந்து பாருங்கள். யாராவது கால் வைத்தால் நன்றாகத் தள்ளி நிறுத்தி, அவர் முழுவதும் கடக்கும்வரை காத்திருங்கள். ஹாரன் வேண்டாம்.

ஆள் இல்லை என்று உறுதியான பிறகு, கடக்கும் இடத்தைத் தாண்டிப் பாதையின் முனைக்குப் போய் வலப்பக்கம் பாருங்கள். நேராக வருகிறவர்களுக்கும், எதிரிலிருந்து வலப்பக்கம் திரும்பி அதே சாலைக்கு வருகிறவர்களுக்கும் வழிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று: வலப்பக்கம் இடைவெளி கிடைத்ததும் சட்டென்று ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். முன்னால் இருந்த கார் கிளம்பி, மனம் மாறி மறுபடி நின்றிருக்கும். ஸ்லிப் லேனில் முன்னால் நிற்கும் காரின் பின்பக்கத்தில் போய் இடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். கண்ணை முன்னால் கொண்டுவந்து, அந்த இடம் காலியா என்று பார்த்த பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுங்கள்.